கண்ணாடி அணிந்தவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

லால்பேட்டையை அடுத்த ஒரு பள்ளியில் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். ஆறாம் வகுப்பு முதல் மூக்குக் கண்ணாடி அணிந்தவர். இரு கண்களிலும் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 4. காலாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் அவர் முகத்தில் கண்ணாடி இல்லை. கரும்பலகை தெரியாதே என்ற கவலையில் "கண்ணாடி எங்கம்மா?" என்று கேட்டேன். "லென்ஸ் போட்டிருக்கேன் சார். அண்ணன் துபாய்லேர்ந்து பணம் அனுப்புச்சு, அத்தா சிதம்பரம் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தாங்க" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் முன்னேற்ற அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த மாணவியின் பெயருக்கு எதிரே "கவனம் சிதறுகிறது" என்று எழுதினேன். எழுதிய பிறகே மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். காலாண்டில் எடுத்ததைவிட அவர் இரண்டு மதிப்பெண் கூடுதலாகவே எடுத்திருந்தார். எந்த அடிப்படையில் அப்படி எழுதினேன் என்று யோசித்தபோது என்னிடம் விடை இல்லை. மாறியிருந்தது அவருடைய முகத்தில் இருந்த ஒரு பொருள் மட்டுமே. அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஒரே மாணவி, ஒரே பார்வைக் குறை, ஒரே திருத்தம். திருத்தும் வில்லை மூக்கின் மேல் இருக்கிறதா, கருவிழியின் மேல் இருக்கிறதா என்பது மட்டுமே வேறுபாடு. அது ஆசிரியரின் கண்ணில், தோழிகளின் கண்ணில், நாளை வேலை தருபவரின் கண்ணில் ஒருவரை வேறொருவராக்கிவிடுமா?

பதினைந்து நொடியும் ஐந்து நிமிடமும்

இக்கேள்வி உளவியலில் பழையது. 1940களின் தொடக்கத்திலேயே தார்ன்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரே மனிதரைக் கண்ணாடியுடனும் கண்ணாடியின்றியும் பிறருக்குக் காட்டி மதிப்பிடச் செய்தார். கண்ணாடி அணிந்திருந்தபோது அதே மனிதர் கூடுதல் அறிவுடையவராகவும் உழைப்பாளியாகவும் மதிப்பிடப்பட்டார். பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதே திசையில்தான் முடிவு சொல்லின. அறிவுக்குக் கூட்டிய மதிப்பைப் பெரும்பாலும் அழகில் கழித்தன.

இவற்றுள் ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டியது 1971இல் ஆர்கைல், மெக்ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் ஒரு பிரிவினருக்கு ஒருவரைப் பதினைந்து நொடி மட்டும் காட்டினார்கள். அப்போது கண்ணாடி அணிந்தவர்களின் அறிவுத்திறன், அணியாதவர்களைவிடப் பத்துப் புள்ளிகளுக்கும் மேல் உயர்வாக மதிப்பிடப்பட்டது. இன்னொரு பிரிவினர் அதே நபர்கள் ஐந்து நிமிடம் உரையாடுவதைப் பார்த்தார்கள். அங்கே அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஒருவர் பேசத் தொடங்கியதும் பேச்சு சாட்சியாகிவிடுகிறது. கண்ணாடிக்கு வேலையில்லாமல் போகிறது.

இதைப் படித்துவிட்டு ஆறுதல் கொள்ளலாம் போலத் தோன்றும். முதல் பார்வைதானே, பழகினால் சரியாகிவிடும் என்று. ஆனால் எங்கள் வகுப்பறைக் கணக்கு வேறு. ஒரு பாடவேளை ஏறத்தாழ நாற்பது நிமிடம். வகுப்பில் ஐம்பது பேர். பாடம் நடத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மாணவர் எத்தனையோ பேரிடம் ஓராண்டில் ஐந்து நிமிடம் தொடர்ச்சியாக நான் பேசியதே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை பதினைந்து நொடித் தீர்ப்பு ஆண்டு முழுவதும் மறுபரிசீலனையின்றி நீடிக்கிறது.

என்னையே சோதித்துப் பார்க்க எண்ணி, இரு வாரங்களுக்கு வருகைப் பட்டியலின் நகல் ஒன்றில், யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அவர் பெயருக்கு எதிரே புள்ளி வைத்தேன். கண்ணாடி அணிந்தவர்களுக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்குரிய பங்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு கேள்விகள் போயிருந்தன. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவர்களை நாங்கள் முன் வரிசையில் அமர்த்துகிறோம். முன் வரிசைக்கு எப்போதுமே கேள்வி அதிகம் போகும். எனவே முழுப் பழியும் கண்ணாடியின் மேல் விழாது. ஆனால் அந்த மாணவி லென்ஸுக்கு மாறிய பிறகும் அதே முன் வரிசையில்தான் அமர்ந்திருந்தார். அவருடைய பெயருக்கு எதிரே இருந்த புள்ளிகள் மிகச் சில.

இந்த மனப்பதிவு எங்கிருந்து வருகிறது?

கண்ணாடிக்கும் படிப்புக்கும் நாம் போடும் முடிச்சு முழுக் கற்பனையன்று என்பதுதான் சிக்கல். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதால் வருவது. நெருக்கத்தில் பார்த்துச் செய்யும் வேலை மிகுவதும், வெளிச்சத்தில் வெளியே கழியும் நேரம் குறைவதும் அதற்குத் துணை போகின்றன. பிரிட்டனில் பெருந்தொகையானோரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கூடுதலாகக் கல்வி பயிலும் ஒவ்வோர் ஆண்டும் கிட்டப்பார்வையை ஏறத்தாழ கால் டயாப்டர் அளவு கூட்டுகிறது என்று காட்டியது. கிட்டப்பார்வை இருப்பதால் ஒருவர் அதிகம் படிப்பதில்லை. அதிகம் படிப்பதால் கிட்டப்பார்வை வருகிறது. ஆக, ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டால் கண்ணாடி அணிந்தவர்களிடையே அதிகம் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். ஆனால் இது கூட்டத்தின் சராசரி குறித்த உண்மை. எதிரே நிற்கும் ஒரு குழந்தை குறித்து அது எதையும் சொல்வதில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த பவராகவும் இருக்கலாம். சிலிண்டர் பவராகவும் இருக்கலாம். இன்னொரு பக்கம், கண்ணாடி தேவைப்பட்டும் இதுவரை யாரும் சோதிக்காததால் அணியாமலிருக்கும் குழந்தை, "கண்ணாடி இல்லாத சராசரி மாணவர்" என்ற கணக்கில் பின் வரிசையில் மறைந்துபோகிறது.

நம் பண்பாடும் அந்த முடிச்சை இறுக்குகிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஊர்தோறும் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பாருங்கள். கல்வி மறுக்கப்பட்ட மக்கள், தங்களுக்குள்ளிருந்து எழுந்த பேரறிஞரைக் கண்ணாடியும் கையில் நூலுமாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காந்தியையோ பெரியாரையோ ஒரே கோட்டில் வரையச் சொன்னால் ஓவியர் கண்ணாடியைத்தான் முதலில் வரைவார். லால்பேட்டையில் தலைமுறைகளாக நடந்துவரும் அரபிக் கல்லூரியின் மூத்த ஆசிரியர்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓதுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆனால் கவனிக்க வேண்டும்: இவை யாவும் பெரும்பாலும் வயதானவர்களின் கண்ணாடிகள், பெரும்பாலும் ஆண்களின் கண்ணாடிகள். நாற்பதைத் தாண்டியவர் வெள்ளெழுத்துக்கு அணியும் கண்ணாடி அவருக்கு மதிப்பைக் கூட்டுகிறது. அதே பொருள் பதினான்கு வயதுப் பெண்ணின் முகத்தில் ஏறினால், "இந்த வயசிலேயா, அடப் பாவமே!" என்கிறோம்.

தோழர்களின் பார்வை

ஆசிரியரின் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால், தோழர்களின் தராசு மறுபக்கம் சாய்கிறது. "சோடாபுட்டி", "நாலு கண்ணு" ஆகிய பட்டப்பெயர்களைக் கேட்காமல் கண்ணாடியுடன் பள்ளியைக் கடந்தவர் தமிழ்நாட்டில் அரிது. இதில் வியப்பு என்னவென்றால், குழந்தைகளும் கண்ணாடி அணிந்தவரை அறிவாளி என்றே நினைக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளிடம் இரண்டிரண்டு படங்களாகக் காட்டி வினவியபோது, மூன்றில் இரு பங்கினர் கண்ணாடி அணிந்த குழந்தையே புத்திசாலியாகத் தெரிகிறது என்றனர். அறிவாளி என்று எண்ணுவதற்கும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதற்கும் தொடர்பில்லை என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வொன்றின் அடிப்படையில் 2005இல் வெளியான கட்டுரை, கண்ணாடியோ கண்ணில் ஒட்டும் மறைப்போ அணிந்த குழந்தைகள் கேலிக்கும் அடிக்கும் உள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்றது.

கேலியின் அளவு கண்ணாடியின் பவரைப் பொறுத்தும் மாறுகிறது. அதற்குக் காரணம் எளிய ஒளியியல். கிட்டப்பார்வைக்கான குழிவில்லை தனக்குப் பின்னால் உள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும். மைனஸ் 2 பவரில் அணிந்தவரின் கண்கள் மூன்று விழுக்காடு அளவே சிறுத்துத் தெரியும், எவரும் கவனிக்கமாட்டார்கள். மைனஸ் 6 பவரில் அது எட்டு விழுக்காட்டை எட்டும். கண் சிறுப்பதோடு, வில்லையின் ஓரத்தில் கன்னத்தின் விளிம்பு உள்ளே வெட்டியதுபோல் தெரியும். வில்லையின் ஓரத் தடிமன் வளையம் வளையமாக மின்னும். "சோடாபுட்டி" என்ற பெயர் பிறந்தது இந்த வளையங்களிலிருந்துதான். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியிலேயே ஒட்டி அமர்வதால் இவை எதுவும் நேர்வதில்லை. ஆகவே கண்ணாடிக்கும் லென்ஸுக்குமான தோற்ற வேறுபாடு எல்லோருக்கும் ஒன்றல்ல. பவர் ஏற ஏற அது பெரிதாகிறது.

லென்ஸுக்கு மாறினால் குழந்தையின் மனம் மாறுமா? இதைச் சோதிக்க அமெரிக்காவில் எட்டு முதல் பதினொரு வயது வரையிலான 484 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கண்ணாடியும் மறுபிரிவுக்கு மென்மையான லென்ஸும் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்தார்கள். தன்னைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் தம் தோற்றம், விளையாட்டுத் திறன், நண்பர்களிடையே ஏற்பு ஆகியவற்றைக் குறித்து லென்ஸ் அணிந்தவர்கள் சற்று மேலாக எண்ணினார்கள். அதாவது லென்ஸ் ஒரு குழந்தையை வேறு மனிதராக்கிவிடவில்லை. சில இடங்களில் கூச்சத்தைக் குறைத்தது, அவ்வளவே.

நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு லென்ஸ் என்ற தேர்வே இல்லை. அவர்கள் முன்னால் இருப்பது கண்ணாடியா, மங்கலான கரும்பலகையா என்ற கேள்விதான். அரசுப் பள்ளிகளில் பார்வைச் சோதனை செய்து இலவசக் கண்ணாடி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. கண்ணாடி கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்துக் கிராமப்புறப் பள்ளிகளில் இவ்வாறு கண்ணாடி பெற்றவர்களைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பத்துப் பேரில் மூவர் அளவே அதை அணிந்திருந்தனர். பெங்களூருப் பகுதியில் 2017இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில் நான்கில் மூவர் அணிந்திருந்தார்கள். அங்கே பவர் துல்லியமாகப் பார்க்கப்பட்டு, பிரேமைக் குழந்தைகளே தெரிவு செய்தார்கள். அங்கும் அணியாதவர்கள் சொன்ன காரணங்களில் தோழர்களின் கேலி முன்னணியில் இருந்தது. கண்ணாடி பைக்குள் இருக்கிறது; கரும்பலகை மங்கலாகவே இருக்கிறது. இதை ஓர் ஆசிரியர் கண்டுகொள்ள வழி உண்டு. புருவத்தைச் சுருக்கிக் கண்ணை இடுக்கிப் பார்ப்பது, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்து மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதுவது, எழுதியதில் 3க்கும் 8க்கும் குழம்புவது ஆகியவை போதும்.

வேலை தருபவரின் பார்வை

வேலைவாய்ப்பில் இந்தத் தராசு இன்னும் வெளிப்படையாக ஆடுகிறது. கணக்கர், ஆசிரியர், மென்பொருள் பணி போன்றவற்றின் நேர்முகத் தேர்வுகளில் கண்ணாடி தடையாக இருப்பதில்லை. முதல் பார்வையில் சற்றுச் சாதகமாகவும் இருக்கலாம். வியன்னாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, கண்ணாடி அணிந்த முகங்கள் அறிவும் வெற்றியும் உடையவையாகக் கருதப்படுவதை மீண்டும் உறுதி செய்தது. அதோடு, விளிம்பில்லாத கண்ணாடி முகத்தின் கவர்ச்சியைக் குறைக்காமல் நம்பகத்தன்மையைக் கூட்டியது என்றும் கண்டது. ஆனால் வரவேற்பாளர், நகைக்கடை விற்பனையாளர், விமானப் பணிப்பெண் என்று "முகம் காட்டும்" வேலைகளுக்கு வந்தால், அதுவும் விண்ணப்பிப்பவர் பெண்ணாக இருந்தால், காற்று எதிர்த்திசையில் வீசுகிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சியில் இம் ஹியோன்ஜு என்ற செய்தி வாசிப்பாளர் கண்ணாடியுடன் காலைச் செய்தி வாசித்தார். ஆண் வாசிப்பாளர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஒரு பெண் செய்ததால் அதுவே நாட்டின் செய்தியாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் ஜப்பானில், பெண் ஊழியர்கள் மட்டும் கண்ணாடி அணியக் கூடாது என்று சில நிறுவனங்கள் விதித்திருப்பது வெளியே வந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, கடையில் நிற்கும் பெண் கண்ணாடி அணிந்தால் வாடிக்கையாளருக்கு இதமற்ற தோற்றம் தருகிறார் என்பது.

நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டு விமானப் பணிப்பெண் தேர்வு அறிவிப்புகளில் கண்ணாடி கூடாது, குறிப்பிட்ட பவர் வரை கான்டாக்ட் லென்ஸ் அணியலாம் என்ற விதியைப் பலரும் பார்த்திருக்கக்கூடும். இத்தகைய விதிகளைத் தரம் பிரிக்க ஓர் எளிய உரைகல் உண்டு. கண்ணாடியும் கூடாது, லென்ஸும் கூடாது என்றால் அது பார்வைத் திறன் பற்றிய விதி. ரயில் ஓட்டுநர் தேர்வில் எந்தத் துணையுமின்றி 6/6 பார்வை கேட்பது இவ்வகை. லென்ஸ் சரி, கண்ணாடி கூடாது என்றால் கேட்கப்படுவது பார்வைத் திறன் அன்று, முகம். இதற்கு மெய்யான விலக்குகளும் உண்டு. முகத்தோடு இறுக ஒட்ட வேண்டிய சுவாசக் கவசம் அணியும் தீயணைப்பு வீரருக்குக் கண்ணாடியின் காது கம்பி இடையூறு. விமானப் பணிப்பெண்ணுக்கும் அவசர வேளையில் கண்ணாடி கழன்று விழும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு கேள்வி. அதே விமானத்தை ஓட்டும் விமானி கண்ணாடி அணிந்து ஓட்டலாம். மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதே பன்னாட்டு விதி. லென்ஸ் அணிந்த விமானியும் அவ்வாறே கண்ணாடி வைத்திருக்க வேண்டும். விமானத்தையே ஒப்படைக்கும் அளவுக்கு நம்பகமான பொருள், தேநீர் பரிமாறுபவரின் முகத்தில் மட்டும் எப்படி ஆபத்தாகிறது?

லென்ஸின் விலை

அப்படியானால் லென்ஸ் அணிந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். அந்தத் தெரிவுக்குப் பணத்தைத் தாண்டிய விலை உண்டு. லென்ஸை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கையைச் சோப்பிட்டுக் கழுவி ஈரமின்றித் துடைக்க வேண்டும். கழற்றிய லென்ஸை அதற்குரிய கரைசலில் மட்டுமே ஊற வைக்க வேண்டும். நேற்றைய கரைசலின் மேல் இன்று கொஞ்சம் ஊற்றிக்கொள்வது கூடாது. குழாய் நீரோ கிணற்று நீரோ லென்ஸிலும் அதன் டப்பாவிலும் படவே கூடாது. நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தாக்கினால் குணப்படுத்துவது மிகக் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸோடு உறங்கக் கூடாது. பகலில் மட்டும் மென்மையான லென்ஸ் அணிபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இருவருக்குக் கருவிழித் தொற்று வருகிறது என்றால், இரவிலும் அணிந்து உறங்குபவர்களில் அது ஏறத்தாழ இருபதாகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கொடிக்கால் வேலைக்குப் போய்வரும் கை, மோட்டார் சைக்கிளில் முகத்தில் படியும் புழுதி, வீராணம் ஏரிக்கரைக் காற்று ஆகியவற்றுக்கு இடையே இந்த ஒழுங்கைக் காப்பது எளிதன்று.

நான் முதலில் சொன்ன மாணவி பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் படித்துக்கொண்டே லென்ஸுடன் உறங்கிவிட்டார். காலையில் ஒரு கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் வழிந்தது. அவருடைய தந்தை தாமதிக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பார்வை தப்பியது. வலி, சிவப்பு, வெளிச்சக் கூச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது; லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் அந்தச் சரியான காரியத்தைச் செய்தார்.

மீண்டும் கண்ணாடியோடு பள்ளிக்கு வந்தபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் அவரிடம், "இப்பதாம்மா பழைய மாதிரி படிக்கிற பிள்ளையா தெரியுறே" என்று அன்போடுதான் சொன்னார். மாணவி பதில் சொல்லவில்லை. பிறகு என்னிடம், "லென்ஸ் போட்டப்ப எங்க கூட்டாளிங்க எல்லாம் நல்லா பேசுனாங்க சார். ஆனா சாருங்க யாரும் என்னைய எழுப்பிக் கேக்கவே இல்ல. நான் அப்பவும் படிச்சிட்டுத்தானே இருந்தேன்" என்றார். நான் முன்னேற்ற அறிக்கையில் எழுதி அடித்த வரியை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு என் வகுப்பில் சில நடைமுறைகளை மாற்றிக்கொண்டேன். கேள்விகளை முகம் பார்த்துக் கேட்பதில்லை. வருகை எண் எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, எடுக்கும் எண்ணிடம் கேட்கிறேன். நடத்தை பற்றிய வரியை எழுதுமுன் மதிப்பெண்ணையும் ஏட்டையும் பார்க்கிறேன். பார்வைச் சோதனை நாளில் கண்ணாடி கிடைத்த பிள்ளைகளின் பெயரை வகுப்பில் உரக்க வாசிப்பதில்லை. அடுத்த வாரம் பாடத்தில் குவிவில்லையும் குழிவில்லையும் வரும்போது, என் வெள்ளெழுத்துக் கண்ணாடியையும் விரும்பித் தருபவரின் கிட்டப்பார்வைக் கண்ணாடியையும் அச்செழுத்தின் மேல் பிடித்துக் காட்டுகிறேன். எது பெரிதாக்குகிறது, எது சிறிதாக்குகிறது, ஏன் என்று புரிந்துகொண்ட வகுப்பில் "சோடாபுட்டி" என்ற சொல் குறைவாகவே ஒலிக்கிறது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இலவசக் கண்ணாடி வழங்குவோர் ஒரே கறுப்புப் பிரேமை எல்லோருக்கும் தராமல், நான்கைந்து வகைகளை மேசையில் வைத்துப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். தலையில் துப்பட்டா சுற்றும் பெண்களுக்குத் துணிக்குள் அழுத்தாத மெல்லிய காது கம்பி இருந்தால் அவர்கள் கழற்றி வைக்க ஒரு காரணம் குறையும். மூன்று மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி ஒருமுறை வகுப்புக்கு வந்து எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழங்கிய கண்ணாடிகளின் எண்ணிக்கை எந்தத் திட்டத்தின் வெற்றிக்கும் அளவாகாது. வேலை தருவோர், தேவைப்படும் பார்வைத் திறன் எவ்வளவு என்பதை மட்டும் அறிவிப்பில் எழுதட்டும். அதை எந்த வில்லையால் எட்டுவது என்பது அணிபவரும் அவருடைய மருத்துவரும் முடிவு செய்ய வேண்டியது.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறார். நாள்தோறும் அணிவது கண்ணாடி. திருமண விழாக்களுக்கும் விளையாட்டுக்கும் மட்டும், அன்றே கழற்றி எறியும் ஒரு நாள் லென்ஸ். சென்ற மாதம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது கண்ணாடி அணிந்திருக்கவில்லை. எனக்கு அடையாளம் தெரியச் சில நொடிகள் ஆயின. அவரே அருகில் வந்து சலாம் சொன்னார். பேருந்து வரும் வரை அவருடைய இறுதியாண்டு ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.